சின்னவளின் பில் ஃபைல்

அக்கா தங்கை இரண்டு பேர். வீட்டில் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. மூத்தவள் பெரியவள், அடுத்தவள் சின்னவள், அவ்வளவுதான். கல்யாணமாகி இருவரும் ஒரே ஊரில், பஸ்ஸில் போனால் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் இறங்கிவிடும் தூரத்தில் குடியிருந்தார்கள். பெரியவளின் கணவர் பேச்சில் சூரர். எதை எங்கே வாங்கி எங்கே தள்ளினால் காசு என்பதை உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். சின்னவள் அவரை வாய் நிறைய அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். சின்னவளின் கணவன் நேர் எதிர். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும்.

அந்த ஒரு வார்த்தைக்காரன்தான் முதலில் ஆன்லைனில் வியாபாரம் தொடங்கினான். சலூன்காரர்கள் கையில் வைத்திருக்கும் முடிவெட்டும் மெஷின், கிளிப்பர் என்பார்களே, அதில் பேர்போன ஒரு கம்பெனியின் சரக்கு. அந்தக் கம்பெனிக்கு ஊரில் ஒரு விநியோகஸ்தர் உண்டு. அவருடைய சரக்கை வேனில் கடை கடையாகக் கொண்டுவரும் விற்பனையாளனிடம் ரொக்கம் கொடுத்து வாங்கினால் கொஞ்சம் மலிவு. பில் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டில் ‘எஸ்டிமேட்’ என்று போட்டு எண்ணிக்கையைக் கிறுக்கிக் கொடுப்பான். சரக்கு அசல், அதில் சந்தேகமே இல்லை. முன்னறையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, சின்னவள் டேப் ஒட்ட, அவன் விலாசம் ஒட்ட, ஒன்றரை வருஷம் வீடு கலகலப்பாக ஓடியது.

பிறகு ஒரு வாரத்தில் எல்லாம் கவிழ்ந்தது. ‘இது போலி’ என்று வாங்கியவர்கள் பெயரில் அடுத்தடுத்துப் புகார்கள். விற்பனைத் தளம் அந்த கிளிப்பரை அவன் கடையிலிருந்து இறக்கிவிட்டு, சரக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் கேட்டது. ஒரு வருஷத்துக்குள் போட்ட இன்வாய்ஸ் வேண்டும்; அதில் விற்றவரின் பெயர், விலாசம், போன் நம்பர் இருக்க வேண்டும்; வாங்கியவரின் பெயரும் விலாசமும் கடைக் கணக்கில் உள்ளபடியே இருக்க வேண்டும்; எண்ணிக்கை விற்ற சரக்குக்கு ஈடாக இருக்க வேண்டும். அவனிடம் இருந்தது துண்டுச் சீட்டுகள். அதையே படம் எடுத்து அனுப்பினான். ஏற்கவில்லை. பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினான், ஏற்கவில்லை. வேன் விற்பனையாளனைத் தேடிப் போனால் அவன் வேலையை விட்டுப் போயிருந்தான். விநியோகஸ்தரின் அலுவலகத்தில், உங்கள் பெயரில் எங்களிடம் கணக்கே இல்லையே என்றார்கள். அது உண்மைதான்.

தேங்கிய மெஷின்களைச் சலூன் சலூனாக ஏறி இறங்கி வந்த விலைக்குக் கொடுத்தான். கடைக் கணக்கைத் தானே மூடினான். ஒரு கூரியர் கம்பெனியில் வேன் ஓட்டப் போனான். அதற்குப் பிறகு முன்னறையில் நாற்காலி போட்டார்கள். ஆனால் அங்கே அவன் உட்காரவே இல்லை. வேலை முடிந்து வந்ததும் நேரே பின்கட்டுக்குப் போய்விடுவான்.

யார் செய்த வேலை என்பது சின்னவளுக்கு ஒரு திரைச்சீலையால் தெரிந்தது. கடையை மூடும் முன் அவள் கடைசியாக ஒருமுறை அந்த கிளிப்பரின் பக்கத்தைத் திறந்து, வாங்கியவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தாள். ‘சுத்தப் போலி, ஏமாறாதீர்கள்’ என்று எழுதி ஒருவர் படமும் போட்டிருந்தார். படத்தில் மேசைமேல் மெஷின். பின்னால் ஜன்னல். ஜன்னலில் மஞ்சள் பூப்போட்ட திரை, பூக்கள் எல்லாம் தலைகீழாக. அது சின்னவள் தைத்துக் கொடுத்தது. துணியைத் திருப்பிப் போட்டு வெட்டிவிட்டாள். பெரியவள் விழுந்து விழுந்து சிரித்து, பரவாயில்லடி, நம்ம வீட்டுல பூவும் சிரசாசனம் போடட்டும் என்று அப்படியே மாட்டினாள்.

அடுத்த மாதமே அத்தான் அதே கிளிப்பரை அதே தளத்தில் விற்கத் தொடங்கினார்.

சின்னவள் கணவனிடம் படத்தைக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டு, விடு என்றான். அவள் விடவில்லை. வெளியில் சொல்லவும் இல்லை. அக்கா வீட்டு விசேஷங்களுக்குப் போனாள், சிரித்தாள், அத்தானுக்குத் தட்டு நிறையப் பரிமாறினாள். மனதுக்குள் அவரை அவன் இவன் என்று ஆக்கி வெகுநாளாயிற்று; வாயில் மட்டும் மரியாதை குறையவில்லை. அத்தானும் அப்படித்தான். ‘உன் வீட்டுக்காரருக்குச் சாமர்த்தியம் போதாது சின்னவளே, வியாபாரத்துல வெள்ளைச் சட்டை போட்டுட்டு நிக்கக் கூடாது’ என்று ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டே குழம்பு ஊற்றினாள்.

அவர் வளர்ந்தார். கண்ணாடிக் கடைக்குப் பின்புறம் ஒரு கோடவுன் எடுத்தார். சின்னவள் நாள் தவறாமல் அந்த கிளிப்பரின் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். அதே பக்கத்தில் வேறு யாராவது விற்க வந்தால், விலை கொஞ்சம் குறைத்தால், சில வாரங்களில் ‘போலி’ என்று புகார் கிளம்பும். வந்தவர் காணாமல் போவார். இரண்டு பேர் அப்படிப் போனதை அவள் கண்ணால் பார்த்தாள். மூன்றாவது ஆளாகத் தான் போவது என்று தீர்மானித்தாள். ஆனால் காணாமல் போவதற்கு அல்ல.

முதலில் அவள் சரக்கை வாங்கவில்லை. காகிதத்தைத்தான் தேடிப் போனாள்.

தன் பெயரில் ஒரு நிறுவனம் பதிந்தாள். தையற்கடைக்கு மேலே ஒரு சிறிய அறை வாடகைக்கு எடுத்தாள். வரிப் பதிவு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் நிறுவனத்தின் பெயரும் விலாசமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி பார்த்தாள். விற்பனைத் தளத்திலும் அதே எழுத்து. பிறகு அந்த விநியோகஸ்தரின் அலுவலகத்துக்குப் போனாள்.

அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ரப்பர் ஸ்டாம்ப். மேசைமேல் முத்திரைகள் வரிசையாகத் தொங்க, எதற்கும் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசித்துத்தான் ஒன்றை எடுப்பார். சின்னவள் தான் ஆன்லைனில் விற்கப் போவதை மறைக்கவில்லை. தனக்கு ஒரு டீலர் கணக்கு வேண்டும், ஒவ்வொரு முறையும் முறையான இன்வாய்ஸ் வேண்டும், அதில் மாடல் நம்பரும் எண்ணிக்கையும் வேண்டும், மெஷின்களின் சீரியல் நம்பர்கள் பில்லோடு இணைந்த தாளில் வேண்டும், பணம் வங்கி வழியாகத்தான் வரும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதெல்லாம் யாரும்மா கேக்குறாங்க?”

“இன்னும் யாரும் கேக்கல. கேக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட இருக்கணும்.”

இன்னொன்றும் கேட்டாள். இந்த நிறுவனம் எங்களிடமிருந்து இந்தக் கம்பெனியின் சரக்கை வாங்குகிறது, ஆன்லைனில் மறுவிற்பனை செய்வது எங்களுக்குத் தெரியும் என்று அவருடைய லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். அதோடு, அவர் அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்தான் என்று கம்பெனி அவருக்குக் கொடுத்த சான்றின் நகல். ரப்பர் ஸ்டாம்ப் சான்றைத் தேடினார். போன வருஷத்தோடு காலாவதியாகிவிட்டிருந்தது. புதுப்பித்து வரட்டும் பார்க்கலாம் என்று சோம்பலாகச் சொன்னார். சின்னவள் வாரம் தவறாமல் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். ‘அந்த அம்மா வந்திருக்கு’ என்றாலே அவர் தலைமையகத்துக்கு போன் போடும் அளவுக்கு வந்தது. கடைசியில் புதுச் சான்று வந்தது, அதன் நகலும் அவள் கேட்ட கடிதமும் அவள் கைக்கு வந்தன.

முதல் சரக்கு வந்தபோது இன்வாய்ஸில் நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அறை எண்ணும் இல்லை. டெம்போக்காரன் இறக்கிய பெட்டிகளை அவள் திறக்கவே இல்லை. பில்லை எடுத்துக்கொண்டு திரும்பப் போனாள். ஓர் எழுத்துக்காகவா என்று பில் போடும் பெண் முகத்தைச் சுளித்தாள். ஆமாம், ஓர் எழுத்துக்காகத்தான் என்று நின்று, பழைய பில்லை ரத்து செய்து புதிதாகப் போடச் சொல்லி வாங்கி வந்த பிறகே டேப்பைக் கிழித்தாள். அதைத் தானே பேனாவால் திருத்திக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் சொன்னதற்கு, விலையை வேண்டுமானால் மறைக்கலாம், மற்றபடி பில்லில் கை வைத்தால் அது பில்லே இல்லை என்றாள் சின்னவள். இதை அவள் கணவனின் காகிதங்கள் திரும்பி வந்த நாட்களில் தளத்தின் விதிகளைப் படித்துப் படித்து மனப்பாடம் செய்திருந்தாள்.

கிளிப்பரை உடனே விற்கப் போடவும் இல்லை. சீப்பு, பிளேடு, கழுத்தில் கட்டும் துணி என்று சின்னச் சாமான்களை விற்றுக் கடைக்கு நல்ல பெயர் சேர்த்தாள். தளத்தின் கிடங்குக்கு அனுப்பினால் நம் சரக்கோடு அடுத்தவன் சரக்கு கலந்துவிட வாய்ப்புண்டு என்பதால் எல்லாவற்றையும் தன் அறையிலிருந்தே அனுப்பினாள். ஒரு சிவப்பு ஃபைலில் இன்வாய்ஸ், அதன் பின்னால் சீரியல் நம்பர் தாள், பணம் போனதற்கான வங்கித் தாள், கடைசியில் கடிதமும் சான்றின் நகலும். எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துக் கம்ப்யூட்டரிலும் வைத்தாள்.

ஃபைல் நிறைந்த பிறகு கிளிப்பரை ஏற்றினாள். அத்தானின் விலையைவிடக் கொஞ்சம் குறைவாக. நிறுவனத்தின் பெயரைப் பார்த்து அது சின்னவள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு மெஷினையும் பெட்டியில் வைக்கும் முன் அதன் அடியில் பொறித்த சீரியல் நம்பரை ஆர்டர் சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்தாள். கணவன் ஒருநாள் மாடிக்கு வந்து, அவள் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவு எதற்கு என்று கேட்டான். வரப்போகிறவனுக்கு என்றாள். அவன் படியிறங்கிப் போனான்.

வந்தது. ஆர்டரில் யாரோ ஒரு பெயர். விலாசம் ‘கண்ணாடிக் கடை பின்புறம், நீலக் கதவு’. அந்த நீலக் கதவுக்குப் பெயின்ட் அடித்த அன்று பெரியவள் அவளை வரச் சொல்லிக் காட்டியிருக்கிறாள். சின்னவள் விலாசத்தை மறுபடி ஒருமுறை படித்தாள். பசித்தவனுக்கு இலை போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. இருப்பதிலேயே நல்ல பெட்டியாகப் பார்த்து, சீரியல் நம்பரை இரண்டு முறை படம் எடுத்து, அழகாகக் கட்டி அனுப்பினாள்.

அது திரும்பி வந்தது. காரணம்: போலி. பெட்டியைக் கேமராவை ஓடவிட்டுத் திறந்தாள். பெட்டி அவளுடையது. உள்ளே இருந்த மெஷின் அவளுடையது இல்லை. எடை குறைவு, பொறித்த நம்பருக்குப் பதில் ஒட்டிய காகிதம். அசலை எடுத்துக்கொண்டு தன்னிடமிருந்த போலியைத் திருப்பி அனுப்பியிருந்தார் அத்தான்.

அடுத்து தளத்தின் அறிவிப்பு வந்தது. உங்கள் சரக்கின் அசல் தன்மை பற்றிப் புகார், ஆதாரங்களை அனுப்பவும், அதுவரை விற்பனை நிறுத்தம். கணவனுக்கு வந்த அதே வாசகங்கள். அன்றைக்கு அவன் அதைப் படித்துவிட்டு கம்ப்யூட்டரையே பார்த்தபடி இருந்தது அவள் நினைவுக்கு வந்தது. அவள் டீயைக் குடித்து முடித்தாள். இன்வாய்ஸ்கள், சீரியல் தாள்கள், கடிதம், சான்றின் நகல், அனுப்பிய மெஷினின் படம், திரும்பி வந்த மெஷினின் படம், பெட்டி திறந்த வீடியோ எல்லாவற்றையும் மதியச் சாப்பாட்டுக்கு முன் அனுப்பிவிட்டாள். தளத்திலிருந்து ரப்பர் ஸ்டாம்ப்புக்கு போன் போனது. அவர் கணக்கைத் திறந்து பார்த்து, ஆமாம், எங்கள் பில்தான், எங்கள் சரக்குதான் என்றார். சில நாட்களில் கிளிப்பர் மறுபடி விற்பனைக்கு வந்தது.

இதுவரை அவள் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாள். அவளுக்கு அது போதவில்லை.

போலி மெஷினை அதன் பெட்டியோடு அந்தக் கம்பெனியின் தலைமையகத்துக்கு அனுப்பினாள். அங்கே போலிச் சரக்கைக் கவனிக்கும் பிரிவில் ஓர் அதிகாரி இருந்தார். பெண்மணி, சுருக்கமாகப் பேசுபவர். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டார். ஆர்டர் சீட்டில் உள்ளதை மட்டும் சின்னவள் சொன்னாள். அதே விலாசத்திலிருந்து இதே மாடலை விற்கும் கடையின் பெயரையும் சொன்னாள். அது என் அக்கா புருஷன் கடை என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கம்பெனி தன் ஆட்களை வைத்து அத்தானின் கடையில் சாதாரண வாடிக்கையாளர் போல மெஷின்களை வாங்கிப் பார்த்தது. சில அசல், சில போலி. பல இடத்துச் சரக்கைக் கலந்து மொத்தமாகத் தள்ளும் லாட் வியாபாரியிடம் மூட்டையாக எடுத்தால் அப்படித்தான் வரும். கம்பெனி தளத்திடம் புகார் கொடுத்தது. தளம் அத்தானிடம் காகிதம் கேட்டது.

அவரிடம் என்ன இருக்கும்? அவர் ரப்பர் ஸ்டாம்ப்பிடம் ஓடினார். பழைய தேதி போட்டு ஒரு பில் கொடுங்கள், என்ன வேண்டுமோ செய்கிறேன் என்றார். ரப்பர் ஸ்டாம்ப் அவரை பெஞ்சில் உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். ‘இந்த ஊர்ல ஆன்லைன்ல விக்குறவங்கள்ல ஒழுங்கா பில் வாங்குறது ஒரே ஒரு அம்மாதான்’ என்று நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். அத்தான் அந்தப் பெயரைத் தேடினார். தையற்கடை மாடி, உரிமையாளர் பெயர் எல்லாம் கண்ணில் பட்டன. தான் போலி அனுப்பிய இடம் எது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் அவர் வரவில்லை. பெரியவள் வந்தாள்.

மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, அறையைச் சுற்றிப் பார்த்தாள். நல்லா வச்சிருக்கே என்றாள். பிறகு அழுதாள். கடன் வாங்கிச் சரக்கு போட்டிருக்கிறோம், இந்த ஒரு கம்பெனிச் சரக்குக்கு மட்டுமாவது காகிதம் காட்டிவிட்டால் மற்ற சாமான்கள் தப்பிக்கும், கோடவுன் நிற்கும் என்றாள். உன்னிடம் பில் இருக்கிறதாமே, நகல் கொடு, பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார் என்றாள். மாற்றினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சின்னவள் சொன்னதற்கு, அவருக்குத் தெரிந்த பையன் கம்ப்யூட்டரில் அப்படியே செய்து கொடுப்பானாம் என்றாள்.

சின்னவள் முடியாது என்றாள். அக்கா மறுபடி கேட்டாள். மறுபடி முடியாது என்றாள். அப்புறம் சின்னவள், இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டாள்.

“அக்கா, மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்க வீட்டு ஜன்னல்கிட்ட எங்க மெஷினை வச்சு ஒரு படம் எடுத்தாங்களே. அது யார் எடுத்தது?”

பெரியவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

“திரை தெரிஞ்சுது. நான் தச்ச திரை.”

“நான்தான் எடுத்தேன்” என்றாள் பெரியவள். “அவருக்குக் கை நடுங்கும், படம் கலங்கிப் போகும்னார்.”

“எதுக்குன்னு தெரியாதா உனக்கு?”

பெரியவள் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “தெரியும்” என்றாள். “உங்களுக்கு வேற வழி இருக்கும்னு நெனச்சேன்டி. எங்களுக்கு அப்ப ஒண்ணுமே இல்ல.”

சின்னவளுக்கு அத்தான்மேல் இருந்த கோபம் பழகிய கோபம். அதோடு தூங்கி எழுந்து பழகிவிட்டாள். இது புதிது.  அவள் அக்காவைத் திட்டவில்லை. மேசைமேல் சிவப்பு ஃபைல் இருந்தது. அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டலாம். தினமும் அப்படித்தான் செய்வாள். அவள் செய்யவில்லை.

அக்கா பயந்தது போல் இல்லை, பில்லுக்கு வழியில்லாவிட்டால் அத்தானுக்கு அந்த ஒரு கம்பெனியின் சரக்குதான் போகும். மற்ற சாமான்களை விற்றுப் பிழைத்துக்கொள்வார். திருத்திய பில்லைக் கொடுத்து மாட்டினால் கடையே போய்விடும், இனி அந்தத் தளத்தில் கால் வைக்கவே முடியாது. இந்த வித்தியாசம் சின்னவளுக்குத் தெளிவாகத் தெரியும். அவள் ஃபைலைக் கொஞ்சம் அக்காவின் பக்கமாக நகர்த்திவிட்டு எழுந்தாள்.

“இரு, டீ போட்டுக் கொண்டாறேன்” என்றாள்.

தட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்டவ் வைத்திருந்தாள். தண்ணீரை வைத்தாள். தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். பெரியவள் வாசலைப் பார்த்தாள், தட்டியைப் பார்த்தாள், ஃபைலைத் திறந்தாள். பையிலிருந்து போனை எடுத்தாள். புதிய தேதியுள்ள பில்களாகப் புரட்டி ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். அவசரத்தில் ஒரு தாள் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, புடவையில் துடைத்து, அதே இடத்தில் செருகினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. சின்னவள் டீத்தூளைப் போடாமல் நின்றாள். ஃபைல் மூடும் சத்தம் கேட்ட பிறகே போட்டாள்.

இருவரும் டீ குடித்தார்கள். பெரியவள் படியிறங்கும்போது, கோபப்படாதேடி என்றாள். சின்னவள் பார்த்துப் போக்கா, மூணாவது படி உடைஞ்சிருக்கு என்றாள்.

அக்கா தெருமுனை தாண்டியதும் ரப்பர் ஸ்டாம்ப்புக்கு போன் போட்டாள். என் பில் நம்பரைச் சொல்லி யாராவது கேட்டால், அது யார் பெயரில் இருக்கிறது என்று கணக்கைப் பார்த்து அப்படியே சொல்லுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றாள். அவர், நான் எப்பவுமே கணக்கைப் பார்த்துத்தானே சொல்வேன் என்று கொஞ்சம் வருத்தப்பட்டார்.

அதன்படியே நடந்தது. அத்தான் அனுப்பிய பில்களில் பெயரும் விலாசமும் அழகாக மாறியிருந்தன. தளத்திலிருந்து பில்லில் இருந்த போன் நம்பருக்கே கூப்பிட்டார்கள். ரப்பர் ஸ்டாம்ப் கணக்கைத் திறந்து, இந்த நம்பர் பில் எங்களுடையதுதான், ஆனால் இந்த நிறுவனத்துக்குப் போட்டது இல்லை என்றார். யாருக்குப் போட்டது என்று கேட்டார்கள், சொன்னார். சின்னவளிடம் தளம் விளக்கம் கேட்டது. மூல பில்லையும் பணம் போன வங்கித் தாளையும் ஃபைலிலிருந்து எடுத்து அனுப்பி, வேறு யாருக்கும் இதைப் பயன்படுத்த நான் அனுமதி தரவில்லை என்று எழுதினாள். எழுத்தளவில் அதில் பொய் இல்லை.

அத்தானின் கடை மொத்தமாக மூடப்பட்டது. சீப்பு, கண்ணாடி, வாட்ச் எதையும் அவர் இனி அங்கே விற்க முடியாது. மேல்முறையீடு செய்தார், பதில் ஒரு வரியில் வந்தது. கோடவுனைக் காலி செய்து, நீலக் கதவில் வேறு யாரோ பெயர்ப்பலகை மாட்டினார்கள்.

சின்னவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவள் தன்னிடமே மறைக்கவில்லை. செய்தி வந்த அன்று அறையைக் கூட்டித் துடைத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, கணவன் வேனை நிறுத்தும் இடத்துக்கே போய்க் காத்திருந்தாள். அவன் வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னாள். நீலக் கதவு, போலி மெஷின், அக்கா வந்தது, தட்டியின் இடுக்கு வரை. அவன் வேனின் பின்கதவைப் பூட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“அவங்க படம் எடுக்குறதைப் பாத்துட்டே நின்னியா?” என்றான்.

“ஆமா.”

“தடுத்திருந்தா?”

“எதுக்குத் தடுக்கணும்?”

அவன் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். “எனக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லாத” என்றான்.

அவள் அப்படித்தான் சொல்ல வந்திருந்தாள். சொல்லவில்லை. “சரி, எனக்காகத்தான் பண்ணேன்” என்றாள். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். மறுபடி கடையில் சேர்ந்துகொள்ளுங்கள் என்று பிறகு ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். வேன் ஓட்டுவது நன்றாக இருக்கிறது, வழியில் நாலு ஊர் மனிதர்களைப் பார்க்கிறேன், பெட்டிக்குள் என்ன இருந்தால் எனக்கென்ன என்று சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அவன் எப்போது இதையெல்லாம் இறக்கி வைத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. தான் கவனிக்காமல் இருந்துவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

பெரியவள் போனை எடுப்பதில்லை. அம்மா நடுவில் நின்று தூது போய்ப் பார்த்தாள். ‘அவ தெரிஞ்சேதான் விட்டா’ என்று பெரியவள் சொன்னாளாம். அம்மாவுக்கு என்னவென்று புரியவில்லை. என்னடி விட்டே என்று சின்னவளிடம் கேட்டாள். ஃபைலை மேசையில விட்டேன்மா என்றாள் சின்னவள். இதுக்கா இவ்வளவு சண்டை என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

மாதங்கள் கழித்து, மின்சாதனக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் சின்னவள் அத்தானைப் பார்த்தாள். ஒரு மொத்தக் கடையின் வாசலில், இறங்கும் பெட்டிகளைக் கணக்கு எடுத்துக்கொண்டு நின்றார். சட்டைப்பையில் பேனா, கையில் பில் கட்டு. ஒதுங்கிப் போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நேராகப் போனாள். அவரும் திரும்பிக்கொள்ளவில்லை.

“சின்னவளே” என்றார். குரலில் பழைய தெம்பு கொஞ்சம் இருந்தது. “அன்னிக்கு உங்க அக்கா படத்தைக் கொண்டுவந்து காட்டினதுமே எனக்குத் தோணுச்சு. இவ்வளவு உஷாரானவ ஃபைலைச் சும்மா மேசையில வச்சுட்டுப் போவாளான்னு.”

“தோணியும் மாத்தினீங்களே அத்தான்.”

 உள்ளிருந்து யாரோ பெட்டி எண்ணிக்கை கேட்டார்கள். அவர் பில்லைப் புரட்டி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிச் சொன்னார்.

“அக்கா எப்படி இருக்கா?” என்று கேட்டாள் சின்னவள்.

“இருக்கா. தையல் எடுத்துப் போட்டுத் தைக்கிறா.” பில் கட்டை மூடிக்கொண்டே, “அவளை விட்டிருக்கலாம் நீ” என்றார். “என்னைப் பண்ணினது சரி.”

“அவளும் என்னை விட்டிருக்கலாம்” என்றாள் அவள்.

பஸ் நிறுத்தம் வரை வேகமாக நடந்தாள். அத்தானை அந்த வாசலில் அப்படிப் பார்த்தது இனித்தது, அதில் ஒளிவு மறைவில்லை. அக்கா தைக்கிறாள் என்ற வார்த்தை மட்டும் எங்கும் ஒட்டாமல் கூடவே வந்தது. பஸ் வந்தது. கூட்டம் அதிகம். ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் ஸ்டாம்ப்பின் அலுவலகத்துக்கு டிக்கெட் வாங்கினாள். அடுத்த சரக்குக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சான்றின் கெடு முடிவதற்குள் புதிய நகல் வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.